புதிய போன் வந்துவிட்டது, ஆறு இலக்க எண் மட்டும் வரவில்லை: அறிகுறி வாரியாகத் தீர்வு

கீழக்கரையில் போன் பழுது பார்க்கும் கடை நடத்துகிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்கள் வளைகுடாவுக்குத் திரும்பும் வாரங்களில் எனக்கு வேலை அதிகம். வாங்கி வந்த புதிய போனைத் தாங்கள் வைத்துக்கொண்டு, பழையதைத் தம்பிக்கோ மகனுக்கோ கொடுத்துவிட்டுப் போவார்கள். படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் எல்லாம் புதிய போனுக்கு வந்துவிட்டதைப் பார்த்ததும் பழையதை முழுவதும் அழித்துவிடுகிறார்கள். நுழைவுக்கான ஆறு இலக்க எண்ணைக் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலி என்று ஒன்று அதில் இருந்தது, விமானம் ஏறிய பிறகு ஜிமெயில் ஆறு இலக்க எண் கேட்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஊரில் இருந்தால் எஸ்எம்எஸ் வழியாகச் சமாளித்துவிடலாம். அங்கே இந்திய சிம்முக்கு ரோமிங் இருக்காது, ரீசார்ஜ் தீர்ந்திருக்கும், எஸ்எம்எஸ் வராது. அதனால்தான் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் செயலி வேண்டியிருக்கிறது. அதே காரணத்தால், அது போய்விட்டால் அவர்களுக்குத்தான் இழப்பும் பெரிது.

கீழே ஒவ்வோர் அறிகுறியையும் கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் சொற்களிலேயே தலைப்பாக வைத்திருக்கிறேன். பெரும்பாலோர் கூகுள் ஆதென்டிகேட்டரையே பயன்படுத்துவதால் அதை வைத்தே சொல்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் பழைய போன் இன்னும் கையில் இருக்கிறது என்றால் ஒன்று செய்யுங்கள்: இதைப் படித்து முடிக்கும்வரை அதில் எதையும் அழிக்காதீர்கள்.

"செயலியைப் போட்டுவிட்டேன், உள்ளே ஒன்றுமே இல்லை"

இதற்குக் காரணம் புரிய, அந்த ஆறு இலக்க எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் போதும். வங்கி ஓடிபி போல அது யாரும் அனுப்புவது அல்ல. கடவுச்சொல்லோடு இந்த எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை முதன்முதலில் அமைத்தபோது திரையில் ஒரு கியூஆர் கோடு காட்டியிருப்பார்கள், நீங்கள் அதை ஸ்கேன் செய்திருப்பீர்கள். அந்தக் கோட்டுக்குள் இப்படி ஒரு வரி இருக்கிறது:

```
otpauth://totp/Kadai:peyar@example.com?secret=JBSWY3DPEHPK3PXP&issuer=Kadai
```

இதில் secret என்பதற்குப் பின்னால் வருவதுதான் ரகசியச் சாவி. அதன் ஒரு பிரதி இணையதளத்திடம் இருக்கிறது, இன்னொன்று உங்கள் போனில். இரண்டு பக்கமும் அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து ஒரே கணக்கைப் போடுகின்றன. 30 வினாடிக்கு ஒரு முறை விடை மாறுகிறது. இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். இணைய இணைப்பு இல்லாமல், சிம்மே இல்லாமல், நடுக்கடலில் வைத்துத் திறந்தாலும் செயலி எண்ணைக் காட்டுவது இதனால்தான்.

ஆக, புதிய போனில் செயலி காலியாக இருக்கிறது என்றால் சாவி இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு எல்லாவற்றையும் மாற்றித் தரும் கருவிகள் செயலியின் பெயரையும் படத்தையும் கொண்டுவந்து வைத்துவிடும், உள்ளே இருக்கும் சாவிகளைப் பெரும்பாலும் கொண்டுவராது. திரையில் செயலி தெரிகிறதே என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

பழைய போன் வேலை செய்கிறது என்றால் தீர்வு எளிது. பழையதில் செயலியைத் திறந்து, பட்டியலில் Transfer accounts, பிறகு Export accounts என்று போங்கள். போனின் பூட்டைத் திறக்கச் சொல்லும். வேண்டிய கணக்குகளுக்கு எதிரே குறியிட்டால் ஒரு கியூஆர் கோடு வரும். புதிய போனில் அதே Transfer accounts, பிறகு Import accounts என்று போய் அதை ஸ்கேன் செய்யுங்கள். கணக்குகள் நிறைய இருந்தால் ஒரே கோட்டில் அடங்காது, அடுத்தடுத்து இரண்டு மூன்று வரும். முதல் கோட்டோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்ததும் இரண்டு போனிலும் உள்ள பெயர்களை எண்ணிச் சரிபாருங்கள்.

முடிவில், மாற்றிய கணக்குகளைப் பழைய போனிலிருந்து நீக்கிவிடலாமா என்று செயலி கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். நீக்குவதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

2023 ஏப்ரலில் இருந்து இந்தச் செயலி சாவிகளைக் கூகுள் கணக்கில் சேமித்து வைக்கும் வசதியையும் தருகிறது. செயலியின் மேல் ஓரத்தில் உள்ள மேகப் படத்தைப் பாருங்கள். அதன்மேல் குறுக்குக் கோடு இருந்தால் சேமிப்பு நடக்கவில்லை. நடந்திருந்தால், புதிய போனில் அதே கூகுள் கணக்கோடு நுழைந்தவுடன் எல்லாம் வந்துவிடும். இரண்டு மூன்று ஜிமெயில் வைத்திருப்பவர்கள் வேறொன்றில் நுழைந்துவிட்டுக் காலியாக இருக்கிறது என்று பதறுவது உண்டு.

நல்ல வசதிதான். ஆனால் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். புதிய போனில் அந்தக் கூகுள் கணக்குக்குள் நுழையவே ஆறு இலக்க எண் கேட்கலாம். அந்த எண்ணைத் தரும் சாவியோ அதே கணக்குக்குள் இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. இதை உடைக்க உதவுவதுதான் காகிதத்தில் எழுதிய காப்புக் குறியீடு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

"எண் வருகிறது, போட்டால் தவறு என்கிறது"

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில்தான் மக்கள் மிகவும் பயந்துபோகிறார்கள். கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்து, கடவுச்சொல்லை மாற்றி, செயலியை அழித்து, சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் இரண்டு போன்களோடு கடைக்கு வந்தார். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம், அவரையும் அப்படித்தான் அழைப்பேன். நான்கு நாளில் பயணம். வீட்டிலேயே Export, Import எல்லாம் சரியாகச் செய்து பார்த்திருக்கிறார். "மூன்று முறை மாற்றிவிட்டேன் தம்பி, மூன்று முறையும் தப்பாகவே வருகிறது. இரண்டு போனும் வேறு வேறு எண் காட்டுகின்றன. பழைய போனின் எண்ணைப் போட்டால்கூடத் தவறு என்கிறது" என்றார். அசல் பழைய போன், நகல் புதிய போன் என்பது அவர் எண்ணம். அதனால் புதிய போனின் எண்ணை ஒரு முறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

இரண்டு போனையும் மேசைமேல் அருகருகே வைத்தேன். சாவி ஒன்றாகவும் நேரம் ஒன்றாகவும் இருந்தால் இரண்டிலும் ஒரே நொடியில் ஒரே எண் வர வேண்டும். வரவில்லை. பழைய போன் காட்டிய எண்ணை ஒரு சிம் கார்டு அட்டையின் பின்புறம் எழுதி வைத்துவிட்டுப் புதியதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு எண் போயிற்று, இரண்டாவது போயிற்று, மூன்றாவது போயிற்று. நான்காவது மாற்றத்தில், அட்டையில் எழுதியிருந்த அதே ஆறு இலக்கங்கள் புதிய போனில் வந்து நின்றன.

சாவி சரியாகவே வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். நான்கு மாற்றம், ஒவ்வொன்றும் 30 வினாடி. பழைய போனின் கடிகாரம் இரண்டு நிமிடம் முன்னே ஓடுகிறது. இனிமேல் வரவேண்டிய எண்ணை அது இப்போதே காட்டிக்கொண்டிருந்தது. இணையதளங்கள் பொதுவாக ஒரு எண் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளும், நான்கு எண் தள்ளி இருந்தால் ஏற்காது.

இரண்டு நிமிடம் எப்படி முன்னே போயிற்று என்று விசாரித்தேன். பழைய போனில் இந்திய சிம் மட்டும்தான். துபாயில் அதற்கு நெட்வொர்க் இல்லாததால் போன் இந்திய நேரத்தையே காட்டியிருக்கிறது. அவர் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, கையால் ஒன்றரை மணி நேரம் பின்னே தள்ளி வைத்திருக்கிறார். ஊருக்கு வந்ததும் மறுபடி கையால் முன்னே தள்ளியிருக்கிறார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வைத்த நேரம் இரண்டு நிமிடம் பிசகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. நேர மண்டலம் மாறினால் இந்த எண்ணுக்கு ஒன்றும் ஆகாது. செயலி கணக்கில் எடுப்பது உலகப் பொது நேரத்தை. போன் துபாய் மண்டலத்தில் இருந்தாலும் இந்திய மண்டலத்தில் இருந்தாலும் அந்த நேரம் ஒன்றுதான். ஆனால் மண்டலத்தை இந்தியா என்றே விட்டுவிட்டு முள்ளை மட்டும் கையால் நகர்த்தினால், உலகப் பொது நேரமே ஒன்றரை மணி பின்னே இருப்பதாகப் போன் நினைத்துக்கொள்ளும். ஒன்றரை மணி என்றால் 180 எண்கள் தள்ளி நிற்கிறது. துபாயில் இருந்தவரை இது அவருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், அந்தப் போனில் ஜிமெயில் ஏற்கெனவே திறந்தே இருந்தது. எண் கேட்கும் தேவையே வரவில்லை.

தீர்வு ஒரு நிமிட வேலை. போனின் அமைப்புகளில் தேதி, நேரம் பகுதிக்குப் போய், நேரத்தைத் தானாக அமைக்கும் பொத்தானை இயக்குங்கள். வைஃபை இணைப்பு இருக்கட்டும். பிறகு உலாவியில் time.is என்ற பக்கத்தைத் திறந்தால் உங்கள் கடிகாரம் எத்தனை வினாடி பிசகியிருக்கிறது என்று அதுவே சொல்லும். ஓரிரு வினாடி என்றால் கவலை இல்லை. காக்காவின் பழைய போனில் பொத்தானை இயக்கிய மறு நொடியே இரண்டு திரையிலும் ஒரே எண் வந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

தனுஷ்கோடி, ராமேசுவரம் பக்கம் இருப்பவர்கள் சிலர் கேட்பதுண்டு: போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்கிறதே, அதனால் எண் தவறுமா என்று. தவறாது. இலங்கையின் நேரமும் நம் நேரமும் ஒன்றுதான். வேறாக இருந்தாலும் மண்டலம் மாறுவதால் பாதிப்பில்லை என்று மேலே சொன்னேன்.

கடிகாரம் சரியாக இருந்தும் எண்ணை ஏற்கவில்லை என்றால் செயலிக்குள் ஒரே பெயரில் இரண்டு வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எப்போதோ இணையதளத்தில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை மறுபடி அமைத்திருப்பீர்கள். அப்போது புதிய சாவி பிறந்திருக்கும், பழைய சாவி செத்திருக்கும். ஆனால் செத்த சாவியும் செயலியில் எண்ணைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். செல்லாத எண் என்று செயலிக்குத் தெரியாது. இரண்டையும் போட்டுப் பார்த்து, ஏற்காத வரிக்குப் "பழையது" என்று பெயர் மாற்றி வையுங்கள். உடனே நீக்க அவசரப்பட வேண்டாம்.

"கியூஆர் கோட்டை ஸ்கேன் செய்ய மாட்டேன் என்கிறது"

முதல் சந்தேகம்: போனின் சாதாரண கேமராவால் ஸ்கேன் செய்கிறீர்களா? Export கோட்டைக் கேமரா படித்துவிடும், ஆனால் otpauth-migration என்று தொடங்கும் நீளமான எழுத்துத் தொடரைக் காட்டிவிட்டு நிற்கும். ஆதென்டிகேட்டர் செயலிக்குள்ளிருந்து Import வழியாகவே ஸ்கேன் செய்ய வேண்டும்.

செயலிக்குள்ளிருந்தும் படிக்கவில்லை என்றால், பெரும்பாலும் லென்ஸ்தான். நம் கரையோரத்தில் போன் லென்ஸில் ஒரு மெல்லிய உப்புப் படலம் படிந்துவிடுகிறது. சும்மா பார்த்தால் தெரியாது, சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பால் தெளித்ததுபோல் தெரியும். Export கோடு சாதாரணக் கட்டணக் கோட்டைவிட நெருக்கமான புள்ளிகள் கொண்டது, அந்த மங்கலுக்கே படிக்காமல் போகும். சட்டை முனையால் துடைத்தால் உப்பு கீறிவிடும். லேசாக ஈரப்படுத்திய மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பழைய போனின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, நிழலில் உட்கார்ந்து செய்யுங்கள்.

பழைய போனின் திரை உடைந்து, கோட்டின்மேல் விரிசல் ஓடுகிறது என்றால் கணக்குகளை ஒவ்வொன்றாக Export செய்து பாருங்கள். ஒரே கணக்கு என்றால் புள்ளிகள் பெரிதாக வரும், விரிசலையும் மீறிப் படித்துவிடும்.

சாவியை எப்போதோ காகிதத்தில் எழுதி வைத்திருந்து, அதைக் கையால் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்தச் சாவியில் A முதல் Z வரையிலான எழுத்துகளும் 2 முதல் 7 வரையிலான எண்களும் மட்டுமே வரும். ஆகவே உங்கள் கையெழுத்தில் பூஜ்யம் போல் இருப்பது O, ஒன்று போல் இருப்பது I, எட்டு போல் இருப்பது B.

"காப்புக் குறியீட்டையும் ஏற்கவில்லை"

காப்புக் குறியீடுகள் கடிகாரத்தோடு தொடர்பில்லாதவை. இணையதளம் முன்கூட்டியே உருவாக்கிக் கொடுக்கும் ஒற்றை டிக்கெட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் பத்துக் குறியீடுகள் தருகிறது, ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் செல்லும்.

ஏற்கவில்லை என்றால் நான் பார்க்கும் காரணங்கள் மூன்றுதான். ஆறு இலக்க எண் கேட்கும் பெட்டியில் எட்டு இலக்கக் குறியீட்டைப் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தில் Try another way என்பதை அழுத்தி, எட்டு இலக்கக் காப்புக் குறியீடு என்ற வழியைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அதைப் போட வேண்டும். அல்லது ஏற்கெனவே பயன்படுத்திய குறியீட்டை அடித்துவிடாமல் மறுபடி போட்டிருப்பார்கள். மூன்றாவதுதான் வருத்தமானது. வீட்டில் இன்னொருவர், அல்லது இவரே இன்னொரு நாள், புதிய குறியீடுகள் எடுத்திருப்பார். புதிதாகப் பத்து எடுத்த நொடியில் பழைய பத்தும் செல்லாமல் போய்விடும். எனவே காகிதத்தில் எடுத்த தேதியை எழுதி வையுங்கள். இரண்டு காகிதம் கிடைத்தால் எது செல்லும் என்று தேதி சொல்லிவிடும்.

எடுப்பது எப்படி என்றால், கணக்கு திறந்திருக்கும் போனிலோ கணினியிலோ myaccount.google.com பக்கத்தில் Security பகுதிக்குப் போய், 2-Step Verification, அதற்குள் Backup codes. அங்கே பத்துக் குறியீடுகளும் தெரியும். போன் மாற்றும் வேலையில் முதல் அடி இதுவாக இருக்க வேண்டும், Export அதற்குப் பிறகுதான். ஏதாவது நடுவில் கெட்டால் திரும்பி நுழைய ஒரு வழி கையில் இருக்கும். காக்காவுக்கும் நேரத்தைச் சரிசெய்த கையோடு முதலில் இதைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது அந்தக் காகிதம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். பில் அடிக்கும் சிறிய இயந்திரத்தில் அச்சிட்டுத் தரச் சொல்வார்கள். தர மாட்டேன். அந்தத் தாள் வெப்பத்தில் எழுத்தைக் காட்டும் தாள், நம் ஊர் வெயிலில் சில மாதத்தில் வெளுத்துவிடும். இங்க் தெளிக்கும் பிரிண்டரில் எடுத்தால் கடல்காற்று ஈரத்தில் எழுத்து பரவி 3 எது, 8 எது என்று தெரியாமல் போகும். பால்பாயின்ட் பேனாவால் கெட்டித் தாளில், நான்கு நான்கு இலக்கமாகப் பிரித்து, உங்கள் கையால் எழுதுங்கள். எழுதிய பிறகு வேறொருவரைப் படிக்கச் சொல்லித் திரையோடு ஒப்பிடுங்கள். மூடி அழுத்தும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

பொதுக் கணினி மையத்தில் பதிவிறக்கி அச்செடுக்க வேண்டாம். அந்தக் கோப்பு அவர்கள் கணினியிலேயே தங்கிவிடும். அப்படிச் செய்துவிட்டீர்கள் என்றால் வீட்டுக்கு வந்ததும் புதிய பத்து எடுத்துவிடுங்கள், அங்கே தங்கியது செல்லாததாகிவிடும்.

போனில் படம் எடுத்து வைப்பதும் தனக்குத்தானே மின்னஞ்சல் அனுப்பி வைப்பதும் பயன்படாது. போன் போனால் படமும் போகும். மின்னஞ்சலைத் திறக்கத்தான் அந்தக் குறியீடே வேண்டும். காக்காவுக்கு இரண்டு பிரதி எழுதினோம். ஒன்று வீட்டு பீரோவில், உம்மாவின் பத்திரங்களோடு. மற்றொன்று அவரது பாஸ்போர்ட் உறையில். தாளில் மின்னஞ்சல் முகவரியோ கடவுச்சொல்லோ எழுதவில்லை, தேதி மட்டும்தான். கடவுச்சொல் தெரியாதவர் கையில் கிடைத்தால் அது வெறும் எண் வரிசை. அங்கிருந்து தேவைப்பட்டால் வீட்டுக்குப் பேசி, பீரோவிலிருக்கும் தாளிலிருந்து ஒரே ஒரு குறியீட்டை வாசிக்கச் சொன்னால் போதும், அதை இரண்டு தாளிலும் அடித்துவிடலாம். வீட்டார் அல்லாத எவரும் போனில் அழைத்து அந்தக் குறியீட்டைக் கேட்டால் சொல்லக் கூடாது என்று உம்மாவிடமும் சொல்லி வைத்தார்.

"பழைய போன் கடல்தண்ணீரில் விழுந்துவிட்டது"

மண்டபம், பாம்பன் பக்கத்திலிருந்து இப்படி வருகிறார்கள். இவர்களுக்கு முதலில் சொல்வது: சார்ஜ் போடாதீர்கள், இயக்கிப் பார்க்காதீர்கள். உப்புநீரில் மின்சாரம் ஓடினால் பலகையில் உள்ள இணைப்புகள் மளமளவென்று அரித்துப் போகும். அரிசிக்குள் புதைத்து இரண்டு நாள் வைத்துவிட்டு வருவதும் வேண்டாம். ஈரம் போனாலும் உப்பு உள்ளேயே இருக்கும். எவ்வளவு சீக்கிரம் பலகையைக் கழற்றி ஆல்கஹாலால் கழுவுகிறோமோ அவ்வளவு நல்லது.

பழுது பார்ப்பவரிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். போன் பல வருடம் உழைக்க வேண்டாம், பத்து நிமிடம் திரை எரிந்தால் போதும், Export செய்ய வேண்டும். இப்படிச் சொன்னால் அவர் ஒரு பழைய திரையைத் தற்காலிகமாக மாட்டிக்கூட வேலையை முடித்துத் தரலாம். திரையை மாற்றினால் உள்ளே இருப்பது போகாது. ரீசெட் செய்தால் மொத்தமும் போய்விடும். எனவே "ரீசெட் வேண்டாம்" என்று எழுதியே கொடுங்கள். நினைவகச் சில்லை மட்டும் கழற்றி வேறு போனில் மாட்டித் தகவலை எடுக்க முடியாது. அதில் இருப்பது அந்தப் போனின் முதன்மைச் சில்லோடு சேர்த்துப் பூட்டப்பட்டது.

போன் எழவே இல்லை, காகிதமும் இல்லை என்றால், அந்தக் கணக்கு வேறு எங்காவது திறந்திருக்கிறதா என்று யோசியுங்கள். கடைக் கணினி, மகளின் டேப்லெட், வீட்டில் கிடக்கும் இன்னொரு போன். இருந்தால் அதில் வெளியேறும் பொத்தானைத் தவறியும் தொடாதீர்கள். புதிய போனில் நுழையும்போது, அந்தச் சாதனத்துக்கு "இது நீங்கள்தானா" என்று கேள்வி போகலாம். ஆம் என்று அழுத்தி நுழைந்துவிட்டு, உடனே காப்புக் குறியீடுகளை எடுத்து, ஆதென்டிகேட்டரைப் புதிய சாவியோடு அமைத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் இல்லாதவர்களுக்குக் கணக்கு மீட்பு விண்ணப்பம்தான் மிச்சம். வழக்கமாகப் பயன்படுத்தும் கணினியிலிருந்து, வழக்கமான வைஃபையிலிருந்து, வழக்கமான ஊரிலிருந்து செய்யுங்கள். கூகுள் இவற்றையெல்லாம் பார்க்கிறது. பதில் வரச் சில நாள் ஆகலாம். ஊரில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"அலுவலகக் கணக்கு மட்டும் வரவில்லை"

காக்காவின் போனில் மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டரும் இருந்தது, துபாய் நிறுவனத்தின் மின்னஞ்சலுக்காக. நிறுவனக் கணக்குகளைப் பொறுத்தவரை, புதிய போனில் பெயர் வந்தாலும் மறுபடி நுழைந்து உறுதிசெய்தால்தான் ஒப்புதல் கேள்வி வரும். பழைய போன் உயிரோடு இருக்கும்போதே aka.ms/mysecurityinfo பக்கத்தில் நுழைந்து புதிய போனைச் சேர்த்துவிட வேண்டும். பழைய போன் போய்விட்டால் நிறுவனத்தின் கணினிப் பிரிவுதான் திறந்துவிட முடியும். அங்கே விடுமுறை நாள் எது, வேலை நாள் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"எல்லாம் வந்துவிட்டது, பழையதை அழிக்கலாமா?"

எண் தெரிவது போதாது, கதவு திறந்ததா என்று பார்க்க வேண்டும். கணினியிலோ வேறு போனிலோ மறைநிலைச் சாளரம் திறந்து, செயலியில் உள்ள ஒவ்வொரு கணக்கிலும் ஒரு முறை நுழையுங்கள். புதிய போன் காட்டும் எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். அப்போது பழைய போன் அணைந்திருக்கட்டும். அது எரிந்துகொண்டிருந்தால் கை தானாக அதைத் தேடிப் போகும். காக்காவுக்கு மொத்தம் நான்கு கணக்குகள், கால் மணி நேரத்தில் முடிந்தது. நான்கில் ஒன்று, அவர் தம்பியோடு சேர்ந்து நடத்தும் பேஸ்புக் பக்கத்தின் கணக்கு, எண்ணை ஏற்கவில்லை. மேலே சொன்ன அதே இரட்டை வரிச் சிக்கல்தான். பழைய போனை வீட்டிலேயே அழித்திருந்தால் இது தெரிந்திருக்காது, துபாயில்தான் தெரிந்திருக்கும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். செயலியில் ஒரு வரியை நீக்கிவிட்டால் அந்தக் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. இணையதளம் எண்ணைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், கொடுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. நிறுத்த வேண்டுமானால் இணையதளத்தின் அமைப்பில் நிறுத்திவிட்டுப் பிறகு செயலியில் நீக்குங்கள்.

எல்லாக் கதவும் திறந்த பிறகும் பழைய போனை இரண்டு மூன்று நாள் அப்படியே வைத்திருங்கள். எப்போதாவது திறக்கும் கணக்கு ஒன்று அதற்குள் நினைவுக்கு வரும். காக்கா பயணத்துக்கு முதல் நாள் மாலைதான் அழித்தார். அமைப்புகளில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, அதன் பிறகு ரீசெட் கொடுத்தோம். கணக்கை நீக்காமல் பொத்தான்களை அழுத்தி ரீசெட் செய்திருந்தால், மகன் போனை இயக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொண்டிருக்கும். போன் "வணக்கம்" திரைக்கு வந்ததும் மகன் கையில் கொடுத்தார். அவன் முதலில் தானியங்கி நேரப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டான்.